குளிர்கால வறண்ட காற்று: ஷாக், உதட்டு வெடிப்பு, தோல் வறட்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியே ஈரப்பதம் 80 சதவீதம் என்று செயலி காட்டுகிறது. அப்புறம் ஏன் வீட்டுக்குள் எல்லாம் காய்ந்து கிடக்கிறது?

அந்த 80 சதவீதம் வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றுக்கான கணக்கு. உள்ளே வந்து சூடானதும் அந்தக் கணக்கு செல்லாது.

ஒரு கனமீட்டர் காற்றில் எவ்வளவு நீராவி இருக்க முடியும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 0 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 5 கிராம்தான் இருக்க முடியும். 22 டிகிரியில் 19 கிராமுக்குச் சற்று மேல் இருக்க முடியும். செயலி காட்டும் சதவீதம், இருக்க முடிந்ததில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பது மட்டுமே. வெளியே 0 டிகிரி, 80 சதவீதம் என்றால் ஒரு கனமீட்டரில் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவி இருக்கிறது. அந்தக் காற்று கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடாகிறது. நீராவியின் அளவு கூடவில்லை, ஆனால் இப்போது 19 கிராமுக்கு இடம் இருக்கிறது. காற்று சூடாகிக் கொஞ்சம் விரிவதையும் சேர்த்துக்கொண்டால் ஒப்பு ஈரப்பதம் 18, 19 சதவீதத்துக்கு வந்து நிற்கும். வெளியே −10 டிகிரி என்றால் இதே கணக்கு 9 சதவீதத்தில் முடியும்.

உண்மையில் வீடு அவ்வளவுக்குக் காய்வதில்லை. நாம் மூச்சு விடுகிறோம், சமைக்கிறோம், குளிக்கிறோம், அதெல்லாம் கொஞ்சம் ஈரத்தைச் சேர்க்கும். ஆனால் தனியாக ஒருவர் இருக்கும், காற்று நிறையப் புகுந்து வெளியேறும் அறையில் 20 சதவீதத்தைப் பார்ப்பது சாதாரணம். குளிர்ப் பிரதேசத்தில் நான் கழித்த முதல் குளிர்காலத்தில் என் அறையில் ஒரு ஈரமானி வாங்கி வைத்தேன். அது 19 காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஹீட்டர்தான் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடுகிறதா?

இல்லை. ஹீட்டர் ஒரு சொட்டு நீரையும் எடுப்பதில்லை, காற்றைச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். அதனால் "ஈரத்தை உறிஞ்சாத ஹீட்டர்" என்று சொல்லி விற்கப்படும் எதற்கும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அறையை 22க்குப் பதில் 19 டிகிரியில் வைத்தால், அதே நீராவியோடு ஈரப்பதம் 18லிருந்து 22 சதவீதத்துக்கு ஏறும். செலவே இல்லாத வழி இது. புகைபோக்கி வைத்த நெருப்பு அடுப்பு மட்டும் ஒரு வகையில் விதிவிலக்கு. அது அறைக் காற்றைப் புகையோடு வெளியே அனுப்பி, அந்த இடத்துக்கு வெளியிலிருந்து வறண்ட காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அதற்கும் கதவுக் கைப்பிடியில் ஷாக் அடிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம்தான் சம்பந்தம். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அதுவே நடுநாயகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னேற்றம் கொஞ்சம் தாவும். செருப்பும் கார்பெட்டும், ஸ்வெட்டரும் நாற்காலியும், சீப்பும் முடியும் இப்படித்தான். இது குளிர்காலத்தில் மட்டும் நடப்பதல்ல, ஆண்டு முழுவதும் ஒவ்வொரு அடியிலும் நடக்கிறது. ஆனால் காற்றில் ஈரம் இருக்கும் நாள்களில் கார்பெட் இழை, செருப்பின் அடிப்பாகம், துணி, நம் தோல் என எல்லாப் பரப்பின் மேலும் நீர் மூலக்கூறுகள் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். அந்தப் படலத்தில் உப்பும் அழுக்கும் துளித்துளி கரைந்திருப்பதால் மின்னேற்றம் அதன் வழியே மெதுவாக வழிந்து போய்விடும். அடுத்த அடி வைப்பதற்குள் கணக்கு நேராகிவிடும், நமக்கு எதுவும் தெரியாது.

காற்று காயும்போது இந்தப் படலமும் மெலிகிறது. வழிந்து போக வழி இல்லாமல் மின்னேற்றம் ஒவ்வொரு அடிக்கும் உடம்பில் சேர்கிறது. செயற்கை இழைக் கார்பெட்டில் ரப்பர் அடி வைத்த செருப்போடு பத்துப் பதினைந்து அடி நடந்தால் உடம்பு சில ஆயிரம் வோல்ட்டுக்கு ஏறிவிடும். மிக வறண்ட அறையில் 10,000 வோல்ட்டையும் தாண்டலாம். பிறகு உலோகக் கைப்பிடியை நோக்கி விரல் நீள்கிறது. காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை உடைத்துத் தாவ ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். விரல் தொடுவதற்கு முன்பே அந்த இடைவெளியில் பொறி பறந்துவிடுகிறது.

"ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஷாக் இல்லை" என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. நீராவி கலந்த காற்றும் நல்ல மின்தடைதான். வேலையைச் செய்வது காற்று அல்ல, பரப்புகளின் மேல் படிந்த நீர். இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் எங்கே கை வைத்தால் பலன் கிடைக்கும் என்பது புரியும். ஒரு பரப்பில் மட்டும் ஈரத்தை நிறுத்தி வைத்தாலும் போதும், அறை முழுவதையும் ஈரமாக்க வேண்டியதில்லை.

10,000 வோல்ட் என்கிறீர்களே, அது ஆபத்து இல்லையா?

ஆரோக்கியமான ஒருவருக்கு இல்லை. வோல்ட் பெரிது, ஆனால் உடம்பில் சேர்ந்திருக்கும் மின்னேற்றம் மிகச் சிறிது. மொத்த ஆற்றலே ஒரு ஜூலில் ஆயிரத்தில் சில பங்குதான், அதுவும் கண் இமைப்பதற்கு எவ்வளவோ முன்பே தீர்ந்துவிடும். சுவர் பிளக்கில் இருப்பது விடாமல் பாய்ந்துகொண்டே இருக்கும் மின்சாரம், அதனால்தான் அது கொல்லும். சுரீர் என்பது, விரல் நுனியில் ஊசிமுனை அளவு இடத்தில் எல்லாம் ஒரே நொடியில் இறங்குவதால். ஒரு சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்து, சாவி முனையால் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். பொறி சாவியில் பறக்கும். உங்கள் கையில் அது அகன்ற இடத்தில் பரவி இறங்குவதால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. குழந்தைக்கு ஷாக் பயம் வந்துவிட்டால் முதலில் நீங்கள் இப்படித் தொட்டுவிட்டு, பிறகு அதே சாவியை அதன் கையில் கொடுத்துத் தொடச் சொல்லுங்கள்.

கணினியைத் திறந்து உள்ளே கை வைப்பவர்கள் மட்டும் வேறு மாதிரி கவனிக்க வேண்டும். 2,000, 3,000 வோல்ட்டுக்குக் கீழே நமக்கு எதுவும் உறைக்காது. ஆனால் சில மின்னணுப் பாகங்கள் 100 வோல்ட்டிலேயே பழுதாகும். ஷாக் அடிக்கவில்லை என்பதால் பாகம் தப்பித்தது என்று சொல்ல முடியாது.

காரிலிருந்து இறங்கும்போதுதான் எனக்கு அதிகமாக அடிக்கிறது. ஏன்?

இருக்கைத் துணியில் உங்கள் ஆடை நெடுநேரம் உரசி ஒட்டியிருக்கிறது. நீங்கள் எழும்போது இரண்டும் பிரிகின்றன. மின்னேற்றத்தில் பாதி இருக்கையில் நிற்கிறது, எதிர்ப்பாதி உங்களோடு வந்துவிடுகிறது. ஒட்டியிருந்தவரை இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டிருந்தன. பிரிந்ததும் உடம்பின் வோல்ட் சட்டென்று ஏறுகிறது. அப்புறம் கதவை மூட உலோகத்தைத் தொடுகிறீர்கள்.

இதற்கு ஒரு எளிய பழக்கம் போதும். இருக்கையை விட்டு எழுவதற்கு முன்பே, வண்ணம் பூசாத உலோக பாகம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதவு பூட்டிக்கொள்ளும் இடத்தில் சட்டத்தில் இருக்கும் உலோகக் கொக்கி இதற்கு வசதியானது. பிடித்த கையை விடாமல் எழுந்து, கால் இரண்டும் தரையில் ஊன்றிய பிறகு விடுங்கள். ஏறும் மின்னேற்றம் ஏற ஏற இறங்கிவிடும், பொறியாக வெடிக்கும் அளவுக்குச் சேராது. எழுந்த பிறகு தொட்டால் பயனில்லை, அந்தத் தொடுதலே ஷாக்காகிவிடும்.

பெட்ரோல் போடும்போது இதனால் தீப்பிடிக்குமா?

அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கக்கூடியதுதான். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்ரோல் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால், ஒரு மில்லிஜூலில் கால் பங்கு ஆற்றலே அதைப் பற்றவைக்கப் போதும். நமக்கு இலேசாகச் சுருக்கென்று தெரியும் பொறியிலேயே அதைவிட அதிக ஆற்றல் இருக்கும். நீங்களே பெட்ரோல் நிரப்பும் இடங்களில் ஆபத்தான தருணம் ஒன்றுதான். குழாயைத் தொட்டியில் செருகி ஓடவிட்டு, குளிருக்காகக் காருக்குள் போய் உட்கார்ந்து, மறுபடி இறங்கி வந்து நேராகக் குழாயைத் தொடுவது. ஆவி சூழ்ந்திருக்கும் அதே இடத்தில் பொறி பறக்கும். எனவே நிரப்பி முடியும்வரை காருக்குள் திரும்பப் போகாதீர்கள். போக நேர்ந்தால் குழாயைத் தொடுவதற்கு முன், தொட்டி வாயிலிருந்து தள்ளி, காரின் உலோகப் பகுதியை வெறுங்கையால் தொட்டுவிட்டு வாருங்கள். தீ பிடித்துவிட்டால் குழாயை வெளியே இழுக்காதீர்கள், அப்படியே விட்டு விலகி ஊழியரைக் கூப்பிடுங்கள்.

எந்தத் துணி உடுத்தினால் ஷாக் குறையும்?

பருத்தி. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டரில் அது அரை சதவீதம்கூட இல்லை. கம்பளி பருத்தியைவிட அதிகமாகவே நீரைப் பிடிக்கும், ஆனால் நன்றாகக் காய்ந்துவிட்டால் அதுவும் மின்னேற்றம் கொள்ளும். பாலியஸ்டர் மேல் கம்பளி போட்டுக் கழற்றினால் இருட்டில் பொறியே தெரியும். துவைத்த துணிக்குப் போடும் சாஃப்ட்னர் திரவம் இழையின் மேல் ஈரத்தை ஈர்க்கும் மெல்லிய பூச்சை விட்டுச் செல்கிறது. ஷாக்கை அது குறைப்பது இதனால்தான். கையில் மாய்ஸ்சரைசர் தடவினால் ஷாக் சற்றுக் குறைவதும் இதே காரணத்தால்.

தோலில் மட்டும் இவ்வளவு சீக்கிரம் ஏன் வெடிப்பும் செதிலும் வருகிறது?

தோலின் மேல்பூச்சு ஒரு தாளைவிட மெல்லியது. உடம்பின் பெரும்பகுதியில் அது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். தட்டையான, உயிரற்ற செல்கள் பதினைந்து இருபது அடுக்காக அடுக்கி, இடையில் கொழுப்பு பூசப்பட்டிருக்கும். செங்கல்லும் சாந்தும் போல என்று தோல் மருத்துவர்கள் சொல்வது வழக்கம். சாந்தில் இருப்பவை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். செங்கல்லுக்குள் யூரியா, லாக்டேட், அமினோ அமிலங்கள் போன்ற, நீரைப் பிடித்து வைக்கும் சிறு பொருள்கள் இருக்கின்றன.

உடம்பின் உள்ளே ஈரம், வெளியே வறண்ட காற்று. இரண்டுக்கும் நடுவே இந்த மேல்பூச்சு. அதன் வழியே நீர் எப்போதும் மெல்ல வெளியே கசிந்துகொண்டே இருக்கும், வியர்வை இல்லாதபோதும். வெளிக்காற்று எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு வேகமாக மேலடுக்கு நீரை இழக்கிறது. அதன் நீர்ச்சத்து 10 சதவீதத்துக்கும் கீழே போனால் வளையும் தன்மை போய்விடும். முட்டியை மடக்கினால், விரலை நீட்டினால், வளையாத அந்த ஓடு பிளக்கிறது.

செதில் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பலரும் அறிவதில்லை. பழைய செல்கள் தினமும் ஒவ்வொன்றாக உதிர வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று கட்டியிருக்கும் முடிச்சுகளை அவிழ்ப்பது தோலில் உள்ள சில நொதிகள். அந்த நொதிகளுக்கு வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் முடிச்சு அவிழாது, செல்கள் தனித்தனியாக உதிராமல் கொத்தாகப் பெயர்ந்து வெள்ளைச் செதிலாகத் தெரியும். ஆகவே செதிலைத் தேய்த்து உரிப்பது மருந்தல்ல. இன்னும் தயாராகாத செல்களையும் சேர்த்துப் பிய்த்தெடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எண்ணெய் தடவினால் போதாதா?

எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் தராது, இருக்கிற தண்ணீர் போகாமல் மூடும். இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர் 1952இல் இதைத் தெளிவாகக் காட்டினார். காய்ப்புக் காய்த்த தோலின் துண்டுகளை உலர்த்தி எண்ணெயில் ஊறவைத்தால் அவை விறைப்பாகவே இருந்தன. தண்ணீர் ஏறியபோதுதான் மென்மையாயின. மேல்தோலை இளக வைப்பது கொழுப்பு அல்ல, நீர் என்பது அதிலிருந்து உறுதியானது.

அதனால் எண்ணெயோ கிரீமோ, எப்போது பூசுகிறோம் என்பதுதான் முக்கியம். குளித்து முடித்துத் துண்டால் ஒற்றிய உடனே, தோல் இலேசாக ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள். உள்ளே ஏறிய நீர் பூட்டப்பட்டுவிடும். அரைமணி நேரம் கழித்துக் காய்ந்த தோலில் பூசினால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறீர்கள். மூடுவதில் மிக வலுவானது பெட்ரோலியம் ஜெல்லி. பிசுபிசுப்பு பிடிக்காவிட்டால் கிளிசரினோ யூரியாவோ சேர்ந்த கெட்டியான கிரீம் நல்லது. அவை நீரைப் பிடித்து வைக்கும், கிரீமிலுள்ள கொழுப்பு மூடி வைக்கும். பம்ப் வைத்த பாட்டிலில் வரும் நீர்த்த லோஷன் கடுங்குளிரில் பெரும்பாலும் போதாது. தோலில் பிளவு இருந்தால் யூரியா எரியும், அந்த நாள்களில் பெட்ரோலியம் ஜெல்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குளிருக்கு நல்ல சூடாகக் குளித்தால்தானே இதமாக இருக்கிறது?

இதம்தான், ஆனால் அது சாந்தைக் கரைக்கிறது. சூடும் சோப்பும் சேர்ந்து அந்தக் கொழுப்பை எடுத்துக்கொண்டு போகின்றன. குளிக்கும்போது தோல் உப்பி மென்மையாகத் தெரியும். வெளியே வந்து பத்து நிமிடத்தில் முன்பைவிட இறுக்கமாகும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடம் போதும். சோப்பு அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். குளிர்காலத்தில் முன்கால் எலும்பின் மேலும் கையிலும் சோப்பு போட வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. வயதானவர்களுக்கு இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். அவர்கள் தோலில் எண்ணெய் சுரப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும், முன்காலில் காய்ந்த ஏரியின் சேறு வெடித்ததுபோல் கோடுகள் விழுவது அவர்களுக்குத்தான் அதிகம்.

நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் வறட்சி போகுமா?

உடம்பில் நீர் உண்மையிலேயே குறைந்திருந்தால் உதவும். சாதாரணமாகக் குடிப்பவருக்கு மேலும் இரண்டு லிட்டர் சேர்த்தாலும் மேல்தோலில் பெரிய மாற்றம் தெரியாது. சிக்கல் நீர்வரத்தில் இல்லை, கசிவில்.

முகம் நன்றாக இருக்கிறது. உதடு மட்டும் ஏன் முதலில் வெடிக்கிறது?

உதட்டின் சிவந்த பகுதி முழுமையான தோல் அல்ல. வாயின் உள்சவ்வுக்கும் முகத்தோலுக்கும் நடுவே உள்ள ஒரு பகுதி. அதன் மேல்பூச்சு முகத்தில் இருப்பதைவிட மிகச் சில அடுக்குகள்தான். வியர்வைச் சுரப்பி இல்லை. முடி இல்லாததால் முடியோடு வரும் எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் இல்லை. முகத்துக்குக் கிடைக்கும் இயற்கையான மேற்பூச்சு எதுவும் உதட்டுக்குக் கிடைப்பதில்லை, ஆகவே நீர்க் கசிவு அங்கே அதிகம். கூடவே பேசுகிறோம், சிரிக்கிறோம், கொட்டாவி விடுகிறோம். விறைத்த ஓடு தினமும் ஆயிரம் முறை மடங்குகிறது. மூக்கடைப்பு இருந்தால் இரவெல்லாம் வாயால் மூச்சு போய்வரும், காலையில் கீழுதடு நடுவில் பிளந்திருக்கும்.

காயும்போது நாக்கால் ஈரப்படுத்திக்கொள்கிறேன். அது தவறா?

தவறுதான், ஆனால் கைவிடக் கடினமான பழக்கம். எச்சில் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும். ஆவியாகும்போது உதட்டின் நீரையும் எஞ்சிய கொழுப்பையும் குலைத்துவிட்டுப் போகும். எச்சிலில் உணவைச் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன, அவை அடிக்கடி பட்டால் தோல் எரிச்சலடையும். எரிகிறது, அதனால் நக்குகிறோம், நக்குவதால் எரிகிறது. சிறு பிள்ளைகளுக்கு நாக்கு எட்டும் தூரம்வரை வாயைச் சுற்றிச் சிவந்த வளையம் விழுந்திருந்தால் காரணம் இதுதான். திட்டிப் பயனில்லை. உதட்டில் எப்போதும் தடிப்பாகப் பெட்ரோலியம் ஜெல்லி இருக்கும்படி பார்த்துக்கொண்டால் காய்ந்த உணர்வே வராது, நாக்கும் வெளியே வராது.

ஒரு நாளைக்குப் பத்து முறை லிப் பாம் போடுகிறேன். இன்னும் மோசமாகிறதே?

அட்டையைத் திருப்பி என்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். மென்தால், கற்பூரம், பினால், சாலிசிலிக் அமிலம், இலவங்கப்பட்டை அல்லது புதினாச் சுவை, வாசனை என்று ஏதாவது இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். போட்டதும் வரும் குளுகுளுப்பு குணமாவதன் அறிகுறியல்ல, எரிச்சலின் தொடக்கம். இரண்டு வாரம் அதை நிறுத்திவிட்டு, வாசனையில்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை மட்டும் பயன்படுத்துங்கள். தண்ணீர் தொட்டு உதட்டை ஈரமாக்கி அதன் மேல் பூச வேண்டும், படுக்கும் முன் தடிப்பாக. இதில் அடங்கினால் உங்கள் பழைய பாம்தான் குற்றவாளி. தொங்கும் தோலை இழுக்காதீர்கள், உயிருள்ள தோலும் சேர்ந்து வரும்.

அறைக்கு ஹியூமிடிஃபையர் வாங்கலாமா? எவ்வளவு பெரிது வேண்டும்?

வாங்கலாம், ஆனால் கணக்குப் போட்ட பிறகு. என் அறையையே எடுத்துக்கொள்கிறேன். 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம், ஆக 40 கனமீட்டர். 22 டிகிரியில் 19 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு ஏற்ற ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் நீர் வேண்டும். முழு அறைக்கும் 160 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம்.

அறைக் காற்று அறையிலேயே நிற்பதில்லை. சுமாரான அறையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுக் காற்றும் வெளியேறி வறண்ட காற்று வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கனமீட்டர் புதுக் காற்று. அதை ஈரப்படுத்த மணிக்கு 80 கிராம். எட்டு மணி நேர இரவுக்கு 640 கிராம், முதலில் ஏற்றியதோடு சேர்த்து 800 மில்லி. மெத்தை, திரை, புத்தகம் எல்லாம் முதல் நாள்களில் தங்கள் பங்குக்கு உறிஞ்சும், அது தனி. ஆக மணிக்கு 150, 200 மில்லியாவது தரக்கூடிய கருவி வேண்டும். மேசைமேல் வைக்கும் குட்டிக் கருவிகள் பல மணிக்கு 30 மில்லிதான் தரும். நான் முதலில் வாங்கியதும் அதுதான். முகத்துக்கு நேரே புகை வந்தது, ஈரமானி 21ஐத் தாண்டவில்லை. கூடவே மேசையெல்லாம் வெண்துகள். அது அதிர்வால் நீரைத் தூளாக்கும் வகை. குழாய்நீரில் இருந்த சுண்ணாம்பு அப்படியே காற்றில் கலந்திருக்கிறது. அந்த வகைக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். திரியை நனைத்து விசிறியால் காற்றை ஓட்டும் வகையில் துகள் வராது, ஆனால் திரியை மாற்ற வேண்டும். எந்த வகையானாலும் தினமும் பழைய நீரைக் கொட்டி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் பாசியும் கிருமியும் வளர்ந்து நம் மூச்சில் கலக்கும்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் போதாதா?

அசையாத தண்ணீர் ஒரு அகலப் பாத்திரத்திலிருந்து இரவு முழுவதும் சில பத்து மில்லிதான் ஆவியாகும். மேலே சொன்ன 800 மில்லிக்கு அது எம்மாத்திரம்? துவைத்த துணியை அறைக்குள் காயப் போடுவது நிஜமாகவே உதவும். பிழிந்த ஒரு கூடைத் துணியில் ஒரு லிட்டருக்கு மேல் நீர் இருக்கும், பரப்பும் பெரிது.

ஈரப்பதத்தை எவ்வளவுவரை ஏற்றலாம்?

35 முதல் 45 சதவீதம் வந்தாலே ஷாக் பெருமளவு அடங்கும், உதடும் தோலும் நிம்மதியாகும். அதற்கு மேல் ஆசைப்படும் முன் ஜன்னலைப் பாருங்கள். 22 டிகிரி அறையில் 40 சதவீதம் என்றால், 8 டிகிரிக்குக் குறைவான எந்தப் பரப்பிலும் நீர் படியும். 50 சதவீதம் என்றால் 11 டிகிரியிலேயே படியும். கடுங்குளிரில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் இதைவிடச் சில்லென்றிருக்கும். காலையில் கண்ணாடியின் கீழ்விளிம்பில் நீர் தேங்கி, சட்டத்தில் கரும்புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. அப்போது 30க்கு இறக்கிவிட்டு, மிச்சத்தைக் கிரீமிடம் விடுங்கள்.

மலிவான ஈரமானியை நம்பலாமா?

வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரமணல் பதத்தில் இருக்கும்படி சில சொட்டு நீர் விடுங்கள். அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத பையில் வைத்து மூடி, அறை வெப்பநிலையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதமாக நிற்கும். கருவி 70 காட்டினால் ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். குறைந்த ஈரப்பதத்தில் பிழை இதே அளவாக இல்லாமல் போகலாம், ஆனாலும் 19க்கும் 40க்கும் இடையில் நம்மைக் குழப்பாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வறட்சி என்று நினைத்தது வேறாக இருக்கக்கூடிய சில இடங்கள் உண்டு. வாயின் இரு ஓரங்களிலும் மட்டும் பிளவு விட்டு விட்டு வந்தால் அது பெரும்பாலும் காற்றின் வேலை அல்ல. பூஞ்சையோ பாக்டீரியாவோ தொற்றியிருக்கலாம், இரும்புச் சத்தோ பி வகை வைட்டமினோ குறைந்திருக்கலாம். கீழுதட்டில் ஒரே இடத்தில் செதிலும் புண்ணும் இரண்டு மூன்று வாரம் ஆறாமல் நின்றால், குறிப்பாகப் பல ஆண்டுகள் வெயிலில் வேலை செய்தவருக்கு, கட்டாயம் காட்ட வேண்டும். அது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமாக இருக்கக்கூடும். பிளவிலிருந்து சீழ், மஞ்சள் பொருக்கு, சுற்றிச் சூடும் சிவப்பும் வந்தால் தொற்று. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடுபவர்களுக்கு உதடு வெடிப்பது அந்த மருந்தின் விளைவு, மருந்து எழுதியவரிடம் சொல்லுங்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு இரண்டு வாரம் ஒழுங்காகக் கிரீம் பூசியும் அடங்காவிட்டால், குளிர்காலம் முடியட்டும் என்று காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.